ஃப்ளஷ் வேகம் இல்லாத கமோடு: ஆசிட் ஊற்றும் முன் ஒரு வாளித் தண்ணீர்

"மேடவாக்கத்தில் ஃப்ளாட். கமோடு வைத்து எட்டு வருடம் ஆகிறது. டேங்க் நிறையத் தண்ணீர் இருக்கிறது, பட்டனை அழுத்தினால் வருகிறது, ஆனால் அடித்துக்கொண்டு போவதில்லை. இரண்டு மூன்று தடவை ஃப்ளஷ் பண்ண வேண்டியிருக்கிறது. போர் தண்ணீர்தான். பிளம்பர் வந்து பார்த்துவிட்டுக் கமோடையே மாற்றச் சொல்கிறார். மாற்றத்தான் வேண்டுமா?"

இப்போதைக்கு மாற்ற வேண்டாம். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டு இடங்களில் ஒன்றில்தான் அடைப்பு. ஒன்று, கமோடின் மேல் விளிம்புக்கு அடியில் வரிசையாக இருக்கும் சின்னத் துளைகள். இன்னொன்று, கமோடுக்கு உள்ளேயே வளைந்து போகும் பாதை, பிளம்பர்கள் டிராப் என்று சொல்வார்கள். முதலாவதில் தண்ணீர் உள்ளே வருவதே குறைகிறது. இரண்டாவதில் வந்த தண்ணீர் வெளியே போக முடியாமல் நிற்கிறது. மேலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும், ஆனால் வைத்தியம் வேறு வேறு. எது என்று தெரியாமல் ஆசிட்டை ஊற்றுவதால்தான் பல வீடுகளில் இந்தப் பிரச்சினை மாதக்கணக்கில் இழுக்கிறது.

இதைப் பிரித்துச் சொல்ல ஒரு வாளித் தண்ணீர் போதும். பத்து லிட்டர் வாளியில் முக்கால் வாளி பிடித்துக்கொள்ளுங்கள். கமோடின் விளிம்பிலிருந்து ஓர் அடி உயரத்தில் பிடித்து, நடுவில் தண்ணீர் நிற்கும் இடத்தைப் பார்த்து, மூன்று வினாடிக்குள் தீர்ந்துவிடும்படி ஒரே வீச்சாக ஊற்றுங்கள். மெதுவாக ஊற்றினால் இந்தச் சோதனைக்கு அர்த்தமே இல்லை. கீழே சிதறும் என்று பயந்து பாதியில் நிறுத்தவும் வேண்டாம். ஆனால் தண்ணீர் ஏற்கெனவே விளிம்பு வரை வந்து நிற்கிற கமோடில் இதைச் செய்யாதீர்கள், தரையெல்லாம் வழிந்துவிடும்.

ஊற்றியதும் நீர்மட்டம் ஒரு கணம் ஏறி, பிறகு சத்தத்தோடு சடாரென்று இறங்கி, வழக்கமாக நிற்கும் அளவில் வந்து நின்றால் டிராப் சுத்தமாக இருக்கிறது. குறை விளிம்புத் துளைகளிலோ டேங்கிலோதான். மாறாக, தண்ணீர் ஏறி அங்கேயே தயங்கி நின்று, மெல்லச் சுழன்று, பத்து இருபது வினாடி எடுத்து இறங்கினால் டிராப்பில் ஏதோ இருக்கிறது. முழு அடைப்பு இல்லை, பாதி அடைப்பு. பாதி அடைப்பு என்பதால்தான் இத்தனை நாளும் எப்படியோ ஓடிக்கொண்டிருக்கிறது.

ஏன் வாளித் தண்ணீர் போகிறது, ஃப்ளஷ் தண்ணீர் போவதில்லை என்பதைக் கொஞ்சம் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. நம் ஊர் வீடுகளில் இருக்கும் கமோடுகளில் பெரும்பாலானவை தண்ணீரின் வேகத்தால் அடித்துத் தள்ளும் வகை. தண்ணீர் நிற்கும் பரப்பு சிறியதாக இருக்கும், கீழே வளைவு அகலமாக இருக்கும். டேங்கிலிருந்து ஆறு லிட்டர் தண்ணீர் நாலைந்து வினாடிக்குள் இறங்கி விழுந்தால்தான், வளைவில் நிற்கும் பழைய தண்ணீரையும் அதில் இருப்பதையும் அந்த வளைவின் மேட்டைத் தாண்டித் தள்ளும். அதே ஆறு லிட்டர் பதினைந்து வினாடியில் வந்தால் மேட்டின் மேல் வழிந்து போகுமே தவிர, எதையும் தள்ளாது. தண்ணீர் செலவாகும், காரியம் நடக்காது. டேங்க் நிறையத் தண்ணீர் இருந்தும் உங்களுக்கு இரண்டு மூன்று முறை தேவைப்படுவது இப்படியும் இருக்கலாம்.

இன்னொரு வகை கமோடும் உண்டு. தண்ணீர்ப் பரப்பு பெரிதாக இருக்கும், ஃப்ளஷ் முடிகிற நேரத்தில் 'குளுக்' என்று ஒரு உறிஞ்சல் சத்தம் கேட்கும். அது சைஃபன் வகை. அதன் வளைவு குறுகலானது, தண்ணீர் அதை முழுக்க நிரப்பினால்தான் உறிஞ்சல் தொடங்கும். அந்த வகை பலவற்றில் விளிம்புத் துளைகளோடு, கிண்ணத்தின் அடியில் வெளியேறும் வாய்க்கு எதிரே ஒரு பெரிய துளையும் இருக்கும். அந்த ஒரு துளையில் உப்பு படிந்தாலே உறிஞ்சல் வராது. உங்கள் வீட்டுக் கமோடில் முன்பெல்லாம் அந்தச் சத்தம் கேட்டு இப்போது கேட்கவில்லை என்றால், முதலில் அந்தத் துளையைத் தடவிப் பாருங்கள்.

சரி, வாளித் தண்ணீர் நன்றாகப் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த கேள்வி டேங்கா, விளிம்பா என்பது. டேங்க் மூடியைத் திறந்து வைத்துவிட்டு முழு ஃப்ளஷ் பட்டனை அழுத்தி, நீர்மட்டம் இறங்குவதை மனதுக்குள் எண்ணுங்கள். நாலைந்து எண்ணுவதற்குள் டேங்க் காலியானால், தண்ணீர் தாராளமாக வெளியே போகிறது. அப்போதும் ஃப்ளஷ் பலவீனம் என்றால் டேங்க் குறையாக நிரம்புகிறதா என்று பாருங்கள். உள்ளே குறித்திருக்கும் கோட்டுக்கு நாலு விரல் கீழே மிதவை நின்றுவிட்டால் அது மிதவையைத் திருகிச் சரிசெய்யும் வேலை, ஐந்து நிமிடம்தான். டேங்க் பாதியிலேயே இறங்குவதை நிறுத்திவிட்டால் வால்வு சீக்கிரம் மூடிக்கொள்கிறது. ஆனால் வால்வு நன்றாகத் தூக்கித் திறந்திருக்கும்போதே டேங்க் காலியாகப் பத்து, பதினைந்து எண்ணிக்கை ஆகிறது என்றால், தண்ணீர் போகும் வழியில் அடைப்பு. அந்த வழி விளிம்புக்குள்தான் இருக்கிறது.

துளைகளைக் கண்ணால் பார்க்க ஒரு முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடியும் செல்போன் டார்ச்சும் போதும். கண்ணாடியை விளிம்புக்கு அடியில் சாய்த்துப் பிடித்தால் துளைகள் வரிசையாகத் தெரியும். நல்ல துளை வட்டமாக, பட்டாணி அளவில் கருப்பாகத் தெரியும். அடைந்த துளை மஞ்சளாகவோ பழுப்பாகவோ ஒரு மேடு மாதிரித் தெரியும், நகத்தால் கீறினால் மணல் மாதிரி உதிரும். தொட்டால் வழுவழுவென்று கருப்பாக வந்தால் அது உப்பு இல்லை, பாசி. பல வீடுகளில் இரண்டும் சேர்ந்தே இருக்கும். போர் தண்ணீரில் இரும்பு இருந்தால் துரு நிறத்தில் இன்னொரு அடுக்கும் சேரும்.

இன்னொரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. அமெரிக்காவில் கமோடுகளைத் தரச் சோதனை செய்யும்போது விளிம்புக்கு ஓர் அங்குலம் கீழே கிண்ணத்தின் சுவரில் சுற்றிலும் மையால் ஒரு கோடு போட்டு ஃப்ளஷ் பண்ணுவார்கள். அழியாமல் மிஞ்சும் துண்டுகளை எல்லாம் கூட்டினால் 50 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது, எந்த ஒரு துண்டும் 13 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. இதை வீட்டிலேயே செய்யலாம். சுவரைத் துணியால் துடைத்துக் காயவிட்டு, குழந்தைகளின் தண்ணீரில் அழியும் ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டு ஒரு ஃப்ளஷ். கோடு எங்கே அப்படியே நிற்கிறதோ அதற்கு நேர் மேலே இருக்கும் துளை அடைந்திருக்கிறது. போன் கேமராவில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால், சுத்தம் செய்த பிறகு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

தாம்பரம் பக்கம் என் அக்கா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன், ஏனென்றால் அங்கே இரண்டு கோளாறும் ஒன்றாக இருந்தன. வைத்து ஏழு வருடம் ஆன கமோடு, போர் தண்ணீர், கெண்டியை இரண்டு நாள் விட்டால் வெள்ளைப் படலம் கட்டும் அளவுக்கு உப்பு. அக்கா வாரம் தவறாமல் நீல நிறக் கிளீனரை ஊற்றித் தேய்ப்பவர். கிண்ணம் பளபளவென்று இருந்தது, ஃப்ளஷ் மட்டும் இல்லை. டேங்க் காலியாகப் பதினான்கு வினாடி ஆனது. கண்ணாடி வைத்து எண்ணினேன்: இருபத்திரண்டு துளைகள், தண்ணீர் வந்தது ஒன்பதில்தான். அந்த ஒன்பதிலும் தண்ணீர் சாய்ந்து சுழன்று வராமல் நேராகக் கீழே ஒழுகியது. துளைகளைச் சாய்வாகப் போட்டிருப்பார்கள், தண்ணீர் சுற்றி வரவேண்டும் என்பதற்காக. உப்பு ஒரு பக்கம் படிந்தால் அந்தச் சாய்வு போய்விடும். ஒழுகும் துளைக்குக் கீழே செங்குத்தாக ஒரு பழுப்புக் கோடு விழுவதும் அதனால்தான்.

அதோடு விட்டிருந்தால் துளைகளை மட்டும் சுத்தம் செய்திருப்போம். வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்ததும்தான் தெரிந்தது: தண்ணீர் விளிம்புக்கு நாலு விரல் கீழே வரை ஏறி, தயங்கி, மெதுவாக இறங்கியது. டிராப்பிலும் ஏதோ இருக்கிறது. அக்காவிடம் கேட்டேன், "காலையில் முதல் ஆளாகப் போகும்போது தண்ணீர் வழக்கத்தைவிடக் கீழே இருக்கிறதா?" "ஆமாம்டா, சில நாள் நாற்றம்கூட வருகிறது" என்றார். துணி நூலோ முடியோ மேட்டின் மேல் தொங்கிக்கொண்டிருந்தால் விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல ராத்திரி முழுக்கத் தண்ணீரை அந்தப் பக்கம் இழுத்துவிடும். வளைவில் குறைந்தது 50 மில்லிமீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றால்தான் சாக்கடைக் காற்று உள்ளே வராது. அது குறைந்தால் நாற்றம்.

இரண்டும் இருக்கும்போது டிராப்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும். காரணம் எளிது. துளைகளை முதலில் திறந்துவிட்டால் ஆறு லிட்டரும் ஐந்து வினாடியில் கிண்ணத்துக்குள் கொட்டும். போகிற வழி பாதிதான் திறந்திருக்கிறது என்றால் மேலே வழியும். அதைவிட முக்கியம், டிராப் வேலையில் தண்ணீர் சிதறும். கிண்ணத்தில் ஆசிட் நிற்கும்போது பிளஞ்சர் போட்டால் அது முகத்தில் தெறிக்கும். ஆகவே முதலில் வெறும் தண்ணீரில் டிராப் வேலை, அப்புறம்தான் ஆசிட் வேலை. முன்னாலேயே யாராவது ஏதாவது ஊற்றியிருந்தால், மெதுவாகப் பல தடவை தண்ணீர் ஊற்றி அது முழுக்கப் போன பிறகு தொடங்குங்கள்.

பிளஞ்சரில் ஒரு விஷயம். வாஷ்பேசினுக்கு விற்கும் தட்டையான கிண்ண வடிவப் பிளஞ்சர் கமோடு வாயில் உட்காராது, பக்கவாட்டில் காற்று போய்விடும். அடியில் கழுத்து மாதிரி ஒரு ரப்பர் நீண்டிருக்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள். ரப்பர் முழுகும் அளவுக்குத் தண்ணீர் நிற்க வேண்டும். முதல் அழுத்தம் மெதுவாக, உள்ளே இருக்கும் காற்று வெளியேறுவதற்காக. அதற்குப் பிறகு தள்ளுவதைவிட இழுப்பதில்தான் பலத்தைக் காட்ட வேண்டும். பொருள் சிக்கியிருக்கும் அடைப்பைத் தள்ளினால் இன்னும் இறுகும், இழுத்தால் வந்த வழியே திரும்பி வர வாய்ப்பிருக்கிறது. பதினைந்து, இருபது தடவை செய்துவிட்டு மறுபடி வாளித் தண்ணீர்ச் சோதனை.

அக்கா வீட்டில் பிளஞ்சரில் பாதி முன்னேற்றம்தான் கிடைத்தது. தண்ணீர் கொஞ்சம் வேகமாகப் போனது, மறுநாள் பழையபடி. இது ஒரு நல்ல அடையாளம்: பிளஞ்சர் போட்டதும் சரியாகி ஒரு நாளில் திரும்பி வந்தால் உள்ளே கரையாத பொருள் ஒன்று இருக்கிறது, மற்றதெல்லாம் அதன் மேல் வந்து தங்குகிறது. அப்புறம் கமோடுக்கென்றே இருக்கும் ஸ்பிரிங் கம்பியை ஒரு பிளம்பரிடம் வாங்கினேன். மூன்று அடி நீளம், முனையில் கொக்கி மாதிரிச் சுருள், வளைவில் பீங்கானைக் கீறாமல் இருக்க ரப்பர் உறை, மேலே சுற்றுவதற்குக் கைப்பிடி. வளைவுக்குள் நுழைந்து எதிலோ முட்டியதும் அழுத்தாமல் கடிகாரம் சுற்றும் திசையில் நாலைந்து சுற்று சுற்றி, சுற்றை விடாமலே மெதுவாக இழுத்தேன். இரண்டாவது தடவையில் வந்தது, கமோடு விளிம்பில் மாட்டும் வாசனைக் கட்டியின் பிளாஸ்டிக் கூடு. கட்டி கரைந்து முடிந்ததும் கொக்கி நழுவி எப்போதோ உள்ளே போயிருக்கிறது. அதன் கம்பிகளில் முடியும் மாப் நூலும் ஈரத் துடைப்பான் துணியும் சிக்கி முஷ்டி அளவுக்கு ஒரு பந்து. இந்தக் கூடு, பல் துலக்கும் பிரஷ், ஷாம்பு பாக்கெட், சோப்புத் துண்டு, குழந்தையின் பொம்மை, நாப்கின் இவைதான் நான் பார்த்தவரை திரும்பத் திரும்ப வருகிறவை. எந்த ஆசிட்டும் இவற்றில் ஒன்றைக்கூடக் கரைக்காது.

சாக்கடைக்குப் போடும் மூங்கில் பத்தையையோ கட்டுமானக் கம்பியையோ கமோடுக்குள் விட யாரையும் அனுமதிக்காதீர்கள். பொருளை இன்னும் உள்ளே தள்ளிவிடும், வளைவில் பீங்கானின் மெருகைக் கீறிவிடும், வேகமாகக் குத்தினால் உடைத்தும்விடும். கீறிய இடத்தில் எல்லாமே சீக்கிரம் ஒட்டும். அதேபோல் 'டிரெயின் கிளீனர்' என்று விற்கும் காரப் பொடியும் கமோடு டிராப்புக்கு வேண்டாம். நிற்கும் தண்ணீரில் அது அடியில் போய்ச் சூடாகி இறுகிக் கட்டிவிடும். பிறகு அதன் மேல் யாராவது ஆசிட் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும்.

இப்போது விளிம்புக்கு வருவோம். வாரம் தவறாமல் நீலக் கிளீனர் ஊற்றியும் அக்கா வீட்டில் துளைகள் ஏன் அடைந்தன? அந்தக் கிளீனர்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் ஆசிட், சுமார் பத்து சதவீதம். உப்பைக் கரைக்க அது நல்ல பொருள்தான். ஆனால் அது விளிம்புக்கு வெளியிலிருந்து ஊற்றப்படுகிறது, சுவரில் வழிந்து கீழே போய்விடுகிறது. படிவு இருப்பது துளைக்கு மேலே, விளிம்புக்கு உள்ளே இருக்கும் கால்வாயில். ஆசிட் கீழிருந்து மேலே ஏறாது. உள்ளேயிருந்து வர வேண்டும், வந்து கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். முழு வைத்தியமும் இவ்வளவுதான்.

நான் இதற்குப் பயன்படுத்துவது எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் ஆசிட். மளிகைக் கடையிலேயே கிடைக்கும். புகை வராது, தோலில் பட்டால் கழுவிவிடலாம், இரும்புக் கறையையும் எடுக்கும். 100 கிராம் எலுமிச்சை உப்பு ஏறக்குறைய 75 கிராம் சுண்ணாம்புப் படிவைக் கரைக்கும். கடையில் விற்கும் சாதாரண வினிகர் ஒரு லிட்டர் நாற்பது கிராம் அளவுக்குக் கரைக்கும், எனவே வினிகரும் வேலை செய்யும், அளவுதான் அதிகம் வேண்டும். ஒன்றரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 150 கிராம் கரைத்துக்கொள்ளுங்கள். கொதிக்கும் தண்ணீர் வேண்டாம், குளிர்ந்த பீங்கான் விரிசல் விடும்.

டேங்குக்குத் தண்ணீர் வரும் ஆங்கிள் வால்வை மூடி, ஃப்ளஷ் பண்ணி, பட்டனை அழுத்திப் பிடித்து டேங்கைக் காலி செய்யுங்கள். விளிம்புக்கு அடியில் துணியால் நன்றாகத் துடைத்துக் காயவிடுங்கள். இப்போது டேப் ஒட்ட வேண்டியது அடைந்த துளைகளில் இல்லை, தண்ணீர் வரும் நல்ல துளைகளில். அடைந்தவை தாமே மூடியிருக்கின்றன. திறந்தவற்றை மூடினால்தான் ஆசிட் ஒழுகிப் போகாமல் கால்வாயில் நிற்கும், அடைந்த துளையின் மேல் தேங்கும். அகலமான துணி டேப் போதும். கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும், பரவாயில்லை.

டேங்க் நடுவில் நிற்கும் வால்வில் அதிகத் தண்ணீர் வழிந்து போவதற்கு ஒரு குழாய் இருக்கும். அதில் ஒரு புனலை வைத்துக் கரைசலில் பாதியை மெதுவாக ஊற்றுங்கள். டேங்கின் அடியில் கொட்ட வேண்டாம், ரப்பர் வாஷர் எல்லாம் அதில் ஊறும். குழாய் வழியாக ஊற்றினால் நேராக விளிம்புக்குள் போகும். காதை வைத்துக் கேட்டால் மெல்லிய சீறல் கேட்கும். சுண்ணாம்பு கரைந்து கார்பன் டையாக்சைடு வெளியேறும் சத்தம் அது. அரை மணி நேரத்துக்கு ஒரு தடவை மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, மொத்தம் மூன்று நாலு மணி நேரம் விட்டுவிடுங்கள். சாயங்காலம் தொடங்கி ராத்திரி படுக்கும் முன் முடிப்பது வசதி.

சுவருக்குள் மறைந்திருக்கும் டேங்க் என்றால் அந்தக் குழாயை எட்டுவது கஷ்டம். அப்போது டிஷ்யூ தாளைக் கயிறு மாதிரி முறுக்கி, கரைசலில் நனைத்து, விளிம்புக்கு அடியில் துளைகளின் மேல் அழுத்தி ஒட்டி ராத்திரி முழுக்க விடலாம். உள்ளே போய்ச் செய்யும் முறை அளவுக்கு வராது, மூன்று நாலு தடவை செய்ய வேண்டியிருக்கும். காலையில் டிஷ்யூவைக் கையால் எடுத்துக் குப்பையில் போடுங்கள், ஃப்ளஷ் பண்ணிவிடாதீர்கள்.

ஊறிய பிறகு டேப்பை எடுத்துவிட்டு ஒவ்வொரு துளையிலும் ஒரு கம்பியை விட்டுச் சுற்ற வேண்டும். வீட்டு ஒயரிங்கில் மிஞ்சிய கெட்டிச் செம்புக் கம்பி சரியான பொருள், பிளாஸ்டிக் உறையை ஓர் அங்குலம் சீவி எல் வடிவில் மடக்கிக்கொண்டால் போதும். இரும்புக் கம்பி, ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம், பீங்கானில் கருப்புக் கோடு விழும். குத்தும்போது உதிரும் துகள்களில் பாதி உள்ளேயே விழும். வால்வைத் திறந்து டேங்க் நிரம்பியதும் ஒரு முழு ஃப்ளஷ் பண்ணினால் அவை மறுபடி துளைகளில் வந்து சிக்கும். இந்த நேரத்தில்தான் பலர் "முன்னைவிட மோசமாகிவிட்டது" என்று விட்டுவிடுகிறார்கள். மறுபடி ஒரு தடவை குத்தி, இரண்டு மூன்று ஃப்ளஷ், பிறகு இன்னொரு ராத்திரி ஆசிட். அக்கா வீட்டில் முதல் ராத்திரிக்குப் பிறகு பதினைந்து துளைகள், இரண்டாவதுக்குப் பிறகு இருபது. மீதி இரண்டு திறக்கவே இல்லை. டேங்க் காலியாகும் நேரம் பதினான்கிலிருந்து ஐந்து வினாடிக்கு வந்தது, ஸ்கெட்ச் பேனாக் கோட்டில் பின்பக்கம் ஒரு விரற்கடை மட்டும் மிஞ்சியது.

ஒரே ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்கிறேன். ஆசிட் வேலை செய்யும் அன்று பிளீச்சிங் பவுடர், பிளீச் கலந்த கிளீனர் எதையும் அந்தக் குளியலறைக்குள் கொண்டுவராதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், ஜன்னல் மூடிய சின்ன அறையில் அது உயிருக்கே ஆபத்து. நம் வீடுகளில் இரண்டும் ஒரே அலமாரியில் இருப்பதால் சொல்கிறேன். பாசிக்காகப் பிளீச் போட வேண்டுமென்றால் நாலைந்து ஃப்ளஷ் பண்ணிவிட்டு வேறு ஒரு நாளில் போடுங்கள். இரும்பு கலந்த போர் தண்ணீரில் பிளீச் துருக்கறையை இன்னும் பிடிக்க வைக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். கடையில் லூஸாக விற்கும் பாத்ரூம் ஆசிட்டையும் நான் தொடுவதில்லை. அதன் புகையே நெஞ்சை அடைக்கும், குழாயின் குரோம் பூச்சும் தரையின் சிமென்ட் இணைப்பும் சேர்ந்து போகும்.

சில சமயம் பொருள் எதுவும் இல்லாமலே டிராப் குறுகியிருக்கும். சிறுநீரில் இருக்கும் உப்பும் தண்ணீரின் சுண்ணாம்பும் சேர்ந்து வளைவின் சுவரில் ஓடு மாதிரிக் கட்டும். பல மாதம் ஃப்ளஷ் பலவீனமாக இருந்த கமோடுகளில் இது அதிகம், ஏனென்றால் வளைவைக் கழுவும் வேகம் இல்லை. ஸ்பிரிங் கம்பி எதிலும் சிக்காமல் சொரசொரவென்று உரசிக்கொண்டே போனால் இதுதான். கிண்ணத்தில் நிற்கும் தண்ணீரைக் குவளையால் மொண்டு வெளியே எடுத்துவிட்டு, அந்த இடத்தில் எலுமிச்சை உப்புக் கரைசலை நிரப்பி ராத்திரி விடுங்கள். தண்ணீரை எடுக்காமல் ஊற்றினால் நீர்த்துப்போகும்.

இவ்வளவுக்கும் அடங்காத நிலை எது? ஸ்பிரிங் கம்பி கெட்டியான பொருளில் முட்டி நிற்கிறது, பிடிக்கவும் மாட்டேன் என்கிறது என்றால் கமோடைக் கழற்றிக் கவிழ்த்து எடுப்பதுதான் வழி. அது கமோடு மாற்றுவது இல்லை, அதே கமோடைத் திரும்ப வைப்பது. அடியில் வெள்ளை சிமென்ட் பூசியிருந்தால் உளி வைத்துத் தட்டும்போது அடி விளிம்பு விரிசல் விடலாம், அதைப் பிளம்பரிடம் முன்கூட்டியே சொல்லி மெதுவாக அறுத்து எடுக்கச் சொல்லுங்கள். வைக்கும்போது பின்னால் இருக்கும் ரப்பர் கனெக்டரைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். கழற்றுவதற்கு முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள்: அதே குளியலறைத் தரை ஓட்டையிலும் தண்ணீர் மெதுவாகப் போகிறதா, ஃப்ளஷ் பண்ணும்போது அதில் குமிழி வருகிறதா? வந்தால் குறை கமோடில் இல்லை, கீழே குழாயிலோ சேம்பரிலோ இருக்கிறது. அப்போது அசோசியேஷனைக் கூப்பிட வேண்டும்.

உண்மையிலேயே மாற்ற வேண்டிய கமோடு என்றால் அது விரிசல் விட்டதாக இருக்கும், அல்லது பழைய பலமான ஆசிட்டால் மெருகு முழுக்கப் போய்க் கிண்ணத்தைத் தடவினால் மணல் தாள் மாதிரி இருக்கும். அதில் படிவு ஒரே மாதத்தில் திரும்பக் கட்டிவிடும். உங்களுடையது அப்படி இல்லையென்றால் இன்று மாலையே முக்கால் வாளித் தண்ணீரோடு தொடங்குங்கள். தண்ணீர் எவ்வளவு ஏறியது, எத்தனை வினாடியில் இறங்கியது, டேங்க் எத்தனை வினாடியில் காலியானது என்ற மூன்றையும் இங்கே எழுதுங்கள், மேற்கொண்டு என்ன என்று சொல்கிறேன்.